படமெடுத்த ஒரு வடிவியல் பக்கம்: நல்ல கணக்குகளும் ஒரு தவறான விடையும்

ஒரே ஒரு பக்கம்தான். ஐந்து கணக்குகள், கீழே பொடி எழுத்தில் விடைகள். யாரோ புத்தகத்தை மேசை மேல் விரித்து, கைப்பேசியைப் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுத்த படம். மேல் பகுதி வெட்டுப்பட்டிருப்பதால் எந்தப் புத்தகம் என்று தெரியவில்லை. முதல் படத்தின் மேல் கட்டைவிரலின் நிழல் விழுந்திருக்கிறது. வடிவொத்த முக்கோணங்களில் தொடங்கி, பரப்பளவுக்குப் போய், கன அளவில் முடிகிறது. நம்மில் பலர் இதை அச்செடுத்துப் பயன்படுத்துகிறோம். நானும் என் மாலை வகுப்பில் படிவம் 5 மாணவர்களுக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகு நடந்ததைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கணக்கு நமக்குப் பழக்கமானது. முக்கோணம் ABC. AB மேல் D, AC மேல் E. AD = 4 செ.மீ., DB = 6 செ.மீ. முக்கோணம் ADE-இன் பரப்பளவு 12 ச.செ.மீ. கீழே இருக்கும் DBCE-இன் பரப்பளவைக் கேட்கிறார்கள். DE-யும் BC-யும் இணைகோடுகள் என்று கேள்வியின் சொற்களில் எங்கும் இல்லை. படத்தில் போட்டிருக்கும் அம்புக்குறிதான் அதைச் சொல்ல வேண்டும். அந்த அம்புக்குறி நிழலுக்குள் போய்விட்டது!

பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கவனிக்கவே இல்லை, நேராகக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இந்த ரெண்டு கோடும் வலது பக்கம் போகப் போகக் கிட்ட வருது. இது இணைகோடே இல்ல சார்" என்றான். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு நானே அளந்தேன். அச்செடுத்த தாளில் அந்தப் பக்கத்தின் இடது விளிம்பு 24 செ.மீ., வலது விளிம்பு 22 செ.மீ. கைப்பேசியைச் சாய்த்து எடுத்ததால் தொலைவில் இருந்த பக்கம் சுருங்கிவிட்டது. செவ்வகமாக இருந்த தாள் படத்தில் சரிவகமாகிவிட்டது. அதாவது இந்தப் படமே மூலப் பக்கத்துக்கு வடிவொத்தது அல்ல. வடிவொத்த முக்கோணங்களைச் சொல்லிக்கொடுக்க வந்த பக்கத்துக்கு இப்படி ஒரு நிலைமை.

பையன் சொன்னது சரி. இணைகோடு என்ற தகவல் இல்லாவிட்டால் E எங்கே இருக்கிறது என்று முடிவு செய்யவே முடியாது. கணக்குக்கு விடையும் கிடையாது. அதனால் அச்செடுப்பதற்கு முன் பக்கத்தின் எதிரெதிர் விளிம்புகளை அளந்து பாருங்கள். சமமாக இல்லையென்றால் கைப்பேசியில் இருக்கும் ஸ்கேன் வசதியில் நேராக்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, "DE ∥ BC" என்பதைப் பேனாவாலாவது எழுதிவிடுங்கள்.

இனி விடைக்கு வருவோம். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 27 என்று எழுதியிருந்தார்கள். எப்படி வந்தது? 4-க்கு 6, அதாவது 2 : 3. பரப்பளவு என்றால் வர்க்கம், 4 : 9. ஆகவே 12-க்கு 27. வர்க்கம் எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதில்தான் சறுக்கல். கீழே இருப்பது ஒரு சரிவகம். முக்கோணமும் சரிவகமும் எப்படி வடிவொத்தவையாக இருக்க முடியும்? வடிவொத்தவை ADE-யும் முழு ABC-யும்தான். ஒத்த பக்கங்கள் AD = 4, AB = 10. அளவுக் காரணி 2 : 5, பரப்பளவு 4 : 25. முழு முக்கோணம் 75, சரிவகம் 63.

இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் மறுபடியும் 27 எழுதுவார்கள். நான் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பெரிய முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 5 சம பாகமாக்கி, பக்கங்களுக்கு இணையாகக் கோடுகள் போட்டால் குட்டி முக்கோணங்கள் கிடைக்கும். மேலிருந்து வரிசையாக எண்ணினால் 1, 3, 5, 7, 9. மொத்தம் 25. மேல் இரண்டு வரிசையும் சேர்ந்ததுதான் ADE. அதில் 4 குட்டிகள். அவை சேர்ந்து 12 ச.செ.மீ. என்றால் ஒரு குட்டி 3 ச.செ.மீ. கீழே 5 + 7 + 9 = 21 குட்டிகள், 63 ச.செ.மீ. எண்ணி முடித்ததும் ஒரு மாணவி, "அப்போ 27-னா வெறும் 9 குட்டிதானா?" என்று தானே கேட்டாள். கடைசி வரிசையில் மட்டுமே 9 இருக்கின்றன என்பது அவள் கண்ணுக்கே தெரிந்தது.

இரண்டாவது கணக்கு அதே படத்தில்தான். இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். B-யையும் E-யையும் இணைத்து, முக்கோணம் BDE-இன் பரப்பளவைக் கேட்கிறார்கள். முதல் கணக்கில் வர்க்கம் எடுத்துச் சூடுபட்ட பிள்ளை இங்கேயும் வர்க்கம் எடுக்கும். 2 : 3, 4 : 9, மறுபடியும் அதே 27! ஆனால் ADE-யும் BDE-யும் வடிவொத்தவை அல்ல. இரண்டுக்கும் E-யிலிருந்து AB-க்கு இறங்கும் உயரம் ஒன்றேதான். அடிப்பக்கங்கள் மட்டும் 4-ம் 6-ம். ஆகவே பரப்பளவும் 4 : 6, வர்க்கமே வேண்டாம். விடை 18. சரிபார்க்கவும் வழி உண்டு. மிச்சமிருக்கும் BEC, 63 − 18 = 45. BDE-க்கு DE அடிப்பக்கம், BEC-க்கு BC அடிப்பக்கம் என்று வைத்தால் இரண்டுக்கும் உயரம் ஒன்று, இணைகோடுகளுக்கு இடைப்பட்ட தூரம். DE : BC = 2 : 5. 18-க்கு 45. பொருந்துகிறது. கணக்கை எழுதியவர் முதல் கணக்கையும் இதையும் வேண்டுமென்றேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரத்தனம்.

மூன்றாவது கணக்கு, தலைகீழாக நிற்கும் கூம்பில் பாதி உயரத்துக்கு 50 மில்லிலிட்டர் தண்ணீர். நிரப்ப இன்னும் எவ்வளவு? முழுக் கூம்பு 8 மடங்கு, 400. விடை 350. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மறுதட்டச்சு செய்பவர்கள் கூம்பை நிமிர்த்தி வரைந்துவிடாதீர்கள். அடிப்பாகம் கீழே இருந்தால் பாதி உயரத் தண்ணீர் கொள்ளளவில் எட்டில் ஏழு பங்கு. படம் திரும்பினால் விடையும் மாறிவிடும்.

நான்காவது கணக்கில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. இரண்டு வடிவொத்த திண்மங்கள், மேற்பரப்புகள் 16 : 25. சிறியதன் கன அளவு 128 க.செ.மீ., பெரியதன் கன அளவு என்ன? கீழே இருக்கும் விடை: 200.

அது தவறு. 128-ஐ 25-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 200 வரும். பரப்பளவு விகிதத்தையே கன அளவுக்கும் போட்டுவிட்டார்கள். பரப்பளவிலிருந்து கன அளவுக்கு நேராகத் தாவ முடியாது. முதலில் நீளத்துக்கு இறங்க வேண்டும்: 16 : 25-இன் வர்க்கமூலம் 4 : 5. பிறகுதான் மேலே ஏற வேண்டும்: 64 : 125. 128 என்பது 64-இன் இரட்டிப்பு, ஆகவே விடை 250. சந்தேகம் இருந்தால் இரண்டு கனசதுரங்களை நினைத்துப் பாருங்கள். பக்கம் 4-ம் 5-ம் என்றால் ஒரு முகத்தின் பரப்பளவு 16-ம் 25-ம். கன அளவு 64-ம் 125-ம். 64-க்கு 100 என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த 200 சொல்வது அதைத்தான்.

என் வகுப்பில் கணக்கில் எப்போதும் தயங்கும் ஒரு பிள்ளை. வர்க்கமூலம் எடுத்து, கனம் எடுத்து, அழகாக 250 எழுதியிருக்கிறாள். பிறகு கீழே விடையைப் பார்த்து, எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துவிட்டு 200 எழுதியிருக்கிறாள். "ஏம்மா அடிச்சே?" என்றேன். "புக்குல 200 போட்டிருக்கு சார். நான்தான் தப்பா செஞ்சிட்டேன்னு நெனச்சேன்" என்றாள். தவறாகப் போட்டவர்களுக்கு அன்று சரி கிடைத்தது. சரியாகப் போட்ட ஒருத்திக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. விடைகளை நானே ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அச்செடுத்ததற்கு நான்தான் பொறுப்பு. அவளிடமும் அதைச் சொன்னேன்.

ஐந்தாவது கணக்கு வடிவொத்த இரண்டு புட்டிகள், உயரம் 10-ம் 15-ம். சிறியதில் 240 மில்லிலிட்டர், பெரியதில் 810. சாதாரணப் பயிற்சி. எனக்குள்ள குறை வேறு: மூன்றாம் கணக்கிலிருந்து எல்லாத் திண்மங்களும் வடிவொத்தவைதான். பிள்ளை எதையும் சோதிக்க வேண்டியதில்லை, மூன்று முறை பெருக்கினால் போதும். அதனால் நான் ஆறாவதாக ஒன்று சேர்த்தேன். இரண்டு மைலோ டின்கள், இரண்டும் ஒரே உயரம். ஒன்றின் ஆரம் 3 செ.மீ., மற்றதன் ஆரம் 6 செ.மீ. கன அளவு எத்தனை மடங்கு? பலரும் 8 என்றார்கள். ஆரம் இரட்டிப்பானது, உயரம் ஆகவில்லை; ஆகவே இவை வடிவொத்தவை அல்ல. 4 மடங்குதான். "ஒரே மாதிரி இருக்கு" என்று நாம் பேச்சில் சொல்வதும் கணிதத்தில் வடிவொத்தது என்பதும் வேறு வேறு என்பதை இந்த ஒரு டின் கணக்கு காட்டிவிட்டது. இரண்டும் உருளைதானே என்று வாதிட்டவர்கள், உயரத்தை ஆரத்தால் வகுத்துப் பார்க்கச் சொன்னதும் அடங்கிவிட்டார்கள்.

பக்கத்தை நேராக்கி, இணைகோட்டைச் சொற்களில் எழுதி, ஆறாவது கணக்கையும் சேர்த்துத் தட்டச்சு செய்து இந்த இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். பழைய அச்சு கையில் இருப்பவர்கள் நான்காம் விடையைப் பேனாவால் 250 என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திருத்திக் கொடுத்த தாள்கள் இருந்தால், 250 எழுதித் தவறு வாங்கியவர்கள் யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.