பிரித்துக் கொடுப்பவரின் கை

பழம்பாடல்களைச் சொல் பிரித்து வெளியிடும் வழக்கத்தை எதிர்ப்பவன் இல்லை நான். 1950களில் மர்ரே ராஜம் கொண்டுவந்த மலிவு விலைச் சந்தி பிரித்த பதிப்புகள் இல்லாவிட்டால், தமிழாசிரியர் ஆகாத என்னைப் போன்றவர்கள் சங்கப் பாடலை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். என் குறை வேறு. பிரித்துக் கொடுப்பவர் ஒரு முடிவு எடுக்கிறார். எடுத்த முடிவை மறைத்தும் விடுகிறார். படிக்கிறவருக்குக் கிடைப்பது கவிஞர் எழுதியது இல்லை, பிரித்தவர் புரிந்துகொண்டது. அது தெரியாமலே நாம் அதற்கு உரை எழுதுகிறோம், அதை மேற்கோள் காட்டிச் சண்டை போடுகிறோம்.

வார இறுதிகளில் சிலருக்குச் செய்யுள் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். புகழ்பெற்ற பாடலை எடுத்தால் பொருள் முன்பே தெரிந்திருக்கும். தெரிந்த விடைக்கு ஏற்ப எல்லோரும் பிரித்துவிடுவார்கள். அதனால் பாடத்துக்காக நானே ஒரு குறள் வெண்பா கட்டிக் கொடுப்பேன். கவிதையாக மதிப்பெண் போடாதீர்கள், சோதனைக்கூடத்து எலி அது:

காட்டினிலை கண்டழுதான் கற்றூணிற் சாய்ந்திருந்தான்
பாட்டினிது சொல்லும் பொருள்

முதலில் ஒன்று. இதில் தெரியும் இடைவெளிகள் சொற்களுக்கானவை அல்ல, சீர்களுக்கானவை. ஓலையில் இந்த இடைவெளியும் கிடையாது. ஒரு சீருக்குள் இரண்டு மூன்று சொல் இருக்கலாம், ஒரே சொல் இரண்டு சீராக உடைந்தும் நிற்கலாம். இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால், "கண்டழுதான்னா என்ன சார்?" என்று அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்தே தொடங்குவோம். கண்டு + அழுதான். 'கண்டு' என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். அடுத்து உயிரெழுத்து வந்ததும் அது ஓடிவிடுகிறது. மிஞ்சிய 'ட்' மேல் 'அ' ஏறி 'ட' ஆகிறது. பேச்சிலும் நாம் செய்வதுதான் இது, "வந்தாச்சு" என்கிறோமே, வந்து ஆச்சு. ஆனால் ஒரு மாணவி வேறு மாதிரி பிரித்தாள்: கண் + தழுதான். ண்-க்குப் பின் வரும் த, ட ஆகும். ஆகவே சேர்த்துப் பார்த்தால் 'கண்டழுதான்' சரியாகவே வருகிறது. புணர்ச்சி விதியில் தப்பே இல்லை. 'தழுதான்' என்று ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் 'கற்றூணில்'. கல் + தூண். ல்-உம் த-வும் மோதி இரண்டுமே ற-வாக மாறிவிட்டன. இன்று நாம் 'கல்தூண்' என்றே எழுதிப் பழகிவிட்டதால் 'கற்றூண்' கண்ணில் தட்டுகிறது. ஒருவன் எழுதியது: கற்று + ஊண். வகுப்பே சிரித்தது. ஆனால் சிரிப்பதற்கு முன் சேர்த்துப் பாருங்கள். கற்று என்பதன் உகரம் போகிறது, ற் மேல் ஊ ஏறுகிறது, கற்றூண். விதி சரி. கற்று, ஊண் இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். படித்துவிட்டுச் சோற்றில் சாய்ந்திருந்தான் என்று பொருள் வருவதால் மட்டுமே இதைத் தள்ளுகிறோம். (சில விருந்துகளில் அதுவும் நடக்கிறது.)

ஆக, ஒரு பிரிப்பு மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். துண்டு ஒவ்வொன்றும் சொல்லாக இருக்க வேண்டும். திரும்பச் சேர்த்தால் எழுத்து மாறாமல் பழைய வரி வர வேண்டும். அந்த இடத்தில் பொருள் நிற்க வேண்டும். தழுதான் முதல் வாசலிலேயே விழுந்தது, ஊண் மூன்றாவதில் விழுந்தது. நடு வாசலைத்தான் பலர் சோதிப்பதே இல்லை. பிரித்துக்கொண்டே போகிறார்கள், திரும்பச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இப்போது முதல் சீர். காட்டின் + இலை. ன் மேல் இ ஏறி 'னி' ஆகிறது, காட்டினிலை. ஒரு நிமிஷ வேலை. அடுத்து, காட்டின் + நிலை. ன்-ஐ அடுத்து வந்த 'ந', 'ன' ஆகிறது. அப்போது 'காட்டின்னிலை' என்றுதானே வர வேண்டும்? பொன் + நிறம் 'பொன்னிறம்' ஆகும்போது இரண்டு னகரமும் நிற்கிறதே? நிற்கிறது, ஏனென்றால் 'பொன்' தனிக்குறிலும் ஒற்றுமாக முடியும் சொல். 'காட்டின்' அப்படி இல்லை, அதனால் முதல் ன் கெட்டுவிடுகிறது. மிஞ்சுவது காட்டினிலை. அதே எழுத்துகள், அதே வரிசை.

இலையைப் பார்த்து அழுதானா, காட்டின் நிலையைப் பார்த்து அழுதானா? மூன்று வாசலையும் இரண்டும் தாண்டுகின்றன. எனக்கு 'நிலை'தான் இயல்பாகப் படுகிறது, கண்டு அழுவதற்கு நிலை பொருத்தமான சொல். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் 'இலை' என்றார்கள். ஊரைவிட்டு வந்தவன் கையில் யாரோ கொடுத்த ஒற்றை இலையாக இருக்கக்கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். வரிக்குள் இருந்து இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் வேறு பாட்டுகள் இருந்தால் அவற்றைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

சந்தி பிரித்த புத்தகம் இங்கே என்ன செய்யும்? 'காட்டின் நிலை கண்டு அழுதான்' என்று அச்சடிக்கும். இலை உதிர்ந்த சுவடுகூட இருக்காது. படிப்பவர் அதைப் பிரிப்பு என்று நினைப்பார், உண்மையில் அது தீர்ப்பு.

இன்னொரு சேதமும் உண்டு. 'காட்டினிலை' நேர் நிரை நேர், காய்ச்சீர், வெண்பாவுக்கு உரியது. 'காட்டின் நிலை' என்று ஒரே சீராக வாசித்தால் நேர் நேர் நிரை, கனிச்சீர். வெண்பாவில் கனிச்சீருக்கு இடமே இல்லை. 'கண்டு அழுதான்' இன்னும் மோசம், நாலசை ஆகிவிடுகிறது. பிரித்த பாடத்தை மட்டும் வாசித்துப் பழகிய பிள்ளைகள், "வெண்பான்னா ஓசை வரும்னு சொன்னீங்க, இது வசனம் மாதிரி இருக்கே?" என்று கேட்பது நியாயம்தான். கட்டியவன் வைத்த ஓசை அந்தப் பக்கத்தில் இல்லை.

அதனால் நான் கொடுப்பது இரண்டு வரி. மேலே மூல அடி, கை வைக்காமல். கீழே பிரிப்பு, ஒலி எங்கே கலந்தது என்ற குறிப்போடு:

காட்டின் + நிலை (ந, ன ஆனது, முன் ன் கெட்டது) / காட்டின் + இலை
கண்டு + அழுதான் (உகரம் கெட்டது)
கல் + தூணில் (ல், த இரண்டும் ற). தூணில் + சாய்ந்து (ல், ற் ஆனது)
சாய்ந்து + இருந்தான் (உகரம் கெட்டது)
பாட்டு + இனிது (உகரம் கெட்டது) / பாட்டின் + இது

கடைசி வரியிலும் சாய்கோடு இருக்கிறது, கவனியுங்கள். 'பாட்டின்' என்று எடுத்தால் அது 'பொருள்' வரை தாண்டிப் போய் ஒட்ட வேண்டும், 'பாட்டின் பொருளை இது சொல்லும்' என்று. செய்யுளில் அப்படித் தாண்டுவது உண்டு, இருந்தாலும் பக்கத்திலேயே வழி இருக்கும்போது சுற்றுவானேன் என்று 'பாட்டு இனிது' என்பதை முன்னால் வைத்தேன். முன்னால் வைப்பதற்கும் மற்றதை அழிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எங்கே பிரிப்பதை நிறுத்துவது என்பதிலும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். உற்சாகம் வந்துவிட்டால் காட்டின் என்பதைக் காடு + இன் என்றும், அழுதான் என்பதை அழு + த் + ஆன் என்றும் உடைத்துப் போடுகிறார்கள். அது பகுபத இலக்கணம், வேறு பாடவேளை. இங்கே சொல்லோடு நின்றால் போதும். எனக்கே உறுதி இல்லாதது 'சாய்ந்திருந்தான்' ஒன்றுதான். சாய்ந்து, அங்கே உட்கார்ந்திருந்தான் என்றால் இரண்டு சொல். சாய்ந்தபடி இருந்தான் என்றால் 'இருந்தான்' துணைவினை, பிரிக்கவே தேவையில்லை. இப்போதைக்கு + போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடச் சொல்லியிருக்கிறேன்.