இரண்டே நிமிடம்

டாம் பிரேடி என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரை மேடையில் உட்கார வைத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கலாய்த்த நிகழ்ச்சியை நெட்ஃபிலிக்ஸ் 2024 மே 5 அன்று நேரலையாகக் காட்டியது. அந்த விளையாட்டு எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ரோஸ்ட் என்ற வடிவத்தின் மேல் உள்ள பித்தினால்தான் பார்த்தேன், அதுவும் இரண்டு முறை. முதல் முறை நிறைய சிரித்தேன். இரண்டாம் முறை, பாதியைத் தாண்டியதும் ஏன் இவ்வளவு களைப்பாக இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

காரணம் எளிது. பிரேடிக்கு 2022-இல் விவாகரத்து ஆனது. முன்னாள் மனைவி அப்போது ஒரு ஜியு-ஜிட்சு பயிற்சியாளருடன் பழகிவந்தார் என்பது ஊருக்கே தெரியும். எஃப்டிஎக்ஸ் என்ற மின்பண நிறுவனத்தை விளம்பரம் செய்து அது திவாலானபோது பிரேடி பணத்தை இழந்ததும் தெரியும். பேசவந்த நகைச்சுவைக் கலைஞர்களும் பழைய அணித் தோழர்களும் ஆளாளுக்கு இந்த இரண்டையும் எடுத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சில நகைச்சுவைகள் அபாரம். நிக்கி கிளேசர் அந்த மின்பண விஷயத்தைத் தொட்ட விதம் இப்போதும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் ஐந்தாவது ஆள் மைக்கைப் பிடித்து விவாகரத்து என்று வாயெடுக்கும்போது, ‘மறுபடியுமா?’ என்றுதான் தோன்றியது.

சில நண்பர்கள் இதைத்தான் ‘கால்பேக்’ என்கிறார்கள். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதானே கால்பேக்? இல்லை. கால்பேக் என்றால் முன்பு சொன்ன ஒரு நகைச்சுவையை, எல்லாரும் அதை மறந்து வேறு எங்கோ போய்விட்ட நேரத்தில், எதிர்பாராத இடத்தில் திரும்ப அழைத்து வருவது. முதலில் அது அந்த அறைக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும். பார்வையாளர்கள் அதன் பிறப்பைப் பார்த்திருக்க வேண்டும். பிரேடியின் விவாகரத்து அந்த அரங்கில் பிறந்ததல்ல, செய்தித்தாளில் பிறந்தது. ஆளாளுக்குத் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதினார்கள், எல்லார் கையிலும் இருந்தது ஒரே செய்தி. அதனால் வந்தது கூறியது கூறல்.

(நம் ஆட்கள் உடனே ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதுவும் கால்பேக் இல்லை. ஒரே காட்சிக்குள் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் கோபத்தை ஏற்றிக்கொண்டே போவது அது. நடுவில் மறக்க நேரமே கிடைக்காது. அதன் ருசி வேறு.)

நான் பார்த்ததிலேயே சிறந்த கால்பேக் எந்தத் திரையிலும் வரவில்லை. கிள்ளான் பக்கம் ஒரு மண்டபத்தில், ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் பிரியாவிடை விருந்தில் பார்த்தேன். பத்து மேசை, நூறு பேர் இருக்கும். அவருடன் பல வருடம் வேலை செய்த ஆசிரியர் ஒருவர் ஏழெட்டு நிமிடம் பேசினார். முதல் நிமிடத்திலேயே இதைச் சொன்னார்:

“காலையில சபைகூடல்ல ஐயா மைக்கைப் பிடிச்சா, ‘ரெண்டே நிமிஷம்’னு ஆரம்பிப்பாரு. அந்த ரெண்டு நிமிஷம் முடியறதுக்குள்ள ஒண்ணாம் வகுப்புப் பையன் யுபிஎஸ்ஆர் எழுதி முடிச்சிருவான்.”

நல்ல சிரிப்பு. வெயிலில் நின்ற பழைய மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நகைச்சுவைக்குப் பிறகு எந்தத் தொடர்ச்சியும் தேவையில்லை. அதுவே முழுசாக முடிந்துவிட்டது. பின்னால் வரப்போகும் ஒன்றுக்காக விதைக்கிறேன் என்று பலவீனமான வரியைப் போட்டால், சிரிக்காத வரி யாருக்கும் ஞாபகம் இருக்காது. சிரித்ததைத்தான் மனம் எடுத்துவைத்துக்கொள்ளும்.

பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. தலைமையாசிரியரின் பழைய புரோட்டோன் சாகாவைப் பற்றிப் பேசினார். ஒரு பக்கத்தில் நான்கு பக்கத்தைச் சுருக்கி நகலெடுக்கச் சொல்லும் சிக்கனத்தைப் பற்றிப் பேசினார். மூன்று, நான்கு நிமிடம் போனது. சபைகூடல் எல்லாருக்கும் மறந்திருந்தது. அப்போது திருமணக் கதைக்கு வந்தார்.

“ஐயா பொண்ணு பார்க்கப் போனாரு. மாமனார்கிட்ட தனியா கொஞ்சம் பேசணும்னாரு. மாமனார் கேட்டாரு, ‘எவ்வளவு நேரம் தம்பி வேணும்?’”

நிறுத்திவிட்டார். மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் பின்வரிசையில் யாரோ ஆரம்பிக்க, மண்டபமே கத்தியது: “ரெண்டே நிமிஷம்!”

அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. கூட்டம் சொல்லிக்கொண்டது. கால்பேக்கில் பார்வையாளனுக்குக் கிடைக்கும் பரிசு இதுதான் என்று நினைக்கிறேன். நகைச்சுவையின் கடைசித் துண்டை அவன் கையில் கொடுத்து, ‘நீயே வை’ என்று விட்டுவிடுவது. அவன் தன் நினைவாற்றலுக்காகவும் சிரிக்கிறான், பக்கத்தில் இருப்பவனுக்கும் அது ஞாபகம் இருக்கிறது என்பதற்காகவும் சிரிக்கிறான். சொல்கிறவர் அவசரப்பட்டு, “ரெண்டே நிமிஷம்னு சொன்னாராம், ஞாபகம் இருக்கா?” என்று கேட்டிருந்தால் சிரிப்பு வந்திருக்கும், பரிசு போயிருக்கும். ‘நான் முன்னாடி சொன்னேனே’ என்று நினைவூட்டுவது, வாசலில் நிற்கிற விருந்தாளியைக் கூப்பிடாமல் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி.

ஒரு மேசை மட்டும் கத்தவில்லை. தாமதமாக வந்தவர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு அரைகுறையாகச் சிரித்தார்கள். இது இந்த உத்தியின் உண்மையான எல்லை. கால்பேக் உள்ளே இருப்பவனை எவ்வளவு சேர்த்துக்கொள்கிறதோ, வெளியே இருந்தவனை அவ்வளவு தள்ளிவைக்கும். நம் விருந்துகளில் ஏழு மணி என்று அழைப்பிதழில் போட்டால் எட்டேகாலுக்குத்தான் மண்டபம் நிறையும். ஆகவே விதையை எப்போது போடுவது என்பது எழுத்து விஷயம் மட்டுமல்ல, சாப்பாடு எப்போது பரிமாறுகிறார்கள் என்ற விஷயமும்கூட.

முடிவுக்கு வருகிறேன் என்று சொல்லாமலே அவர் முடிவுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“முப்பத்து நாலு வருஷம் ஐயா வேலை செஞ்சிருக்காரு. எங்களுக்கு…” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டே நிமிஷம் மாதிரிதான் இருந்துச்சு.”

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஒரு மாதிரியான சத்தம் வந்தது, சிரிப்பும் இல்லை, வேறொன்றும் இல்லை. முதலில் அந்தச் சொல்லுக்கு ‘மிக நீளம்’ என்று பொருள். இப்போது ‘மிகக் குறைவு’ என்று பொருள். சொல் ஒன்றுதான், திரும்பி நிற்கிறது. ரோஸ்ட்டில் கடைசிக் கால்பேக் இப்படி அமைந்தால், அதுவரை அடித்த அடியெல்லாம் அன்பினால்தான் என்று தனியாக ஒரு வாக்கியம் பேச வேண்டியதில்லை. பெரும்பாலான ரோஸ்ட்டுகள் அந்த இடத்தில்தான் வழுக்கும். பதினைந்து நிமிடம் நாறடித்துவிட்டு, ‘ஆனா சீரியஸா சொல்றேன், நீங்க ரொம்ப நல்லவர்’ என்று வேறு குரலில் ஒட்டுப்போடுவார்கள்.

பேச்சு முடிந்த பிறகு அவரிடம் கேட்டேன். முதல் வரைவில் ஐந்து இடத்தில் ‘ரெண்டே நிமிஷம்’ இருந்ததாம். சாகா காரை ஸ்டார்ட் செய்வதிலும், நகல் இயந்திரம் சூடாவதிலும் போட்டிருந்தார். வெட்டிவிட்டார். “அஞ்சு தடவை சொன்னா மூணாவதுலேயே எல்லாருக்கும் தெரிஞ்சிரும் சார், அடுத்து எங்க வரும்னு காத்துக்கிட்டிருப்பாங்க,” என்றார். அவருக்குப் பின் பேசவந்த ஒருவர் அதற்குச் சாட்சியும் ஆனார். சூடாக இருக்கும் சட்டியில் தானும் கையை விடலாம் என்று நான்கு தடவை ‘ரெண்டே நிமிஷம்’ என்றார். முதல் தடவை சிரிப்பு, இரண்டாவது தடவை புன்னகை, அதற்குப் பிறகு கோழிக் குழம்பு.

ஆனால் எல்லாரையும் மிஞ்சியவர் தலைமையாசிரியர்தான். ஏற்புரைக்கு எழுந்தார். மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். வாயே திறக்கவில்லை, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அன்று இரவு அதற்குத்தான் மிகப் பெரிய சிரிப்பு. பிறகு இருபது நிமிடம் பேசினார்.

இந்த வடிவத்தில் வறுபட்டவருக்குத்தான் கடைசிப் பேச்சு. பிரேடியும் கடைசியில் எழுந்து தன்னைக் கலாய்த்தவர்களைத் திருப்பிக் கலாய்த்தார். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் அதிகம் திரும்பத் திரும்ப வந்த விஷயம், அவர் கையில் எடுத்து விளையாடக்கூடிய விஷயமாக இல்லை. ‘ரெண்டே நிமிஷம்’ தலைமையாசிரியர் எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளக்கூடிய பூ. விவாகரத்து அப்படியா? சில நாள் கழித்து ஒரு நேர்காணலில் பிரேடி, தன்னைப் பற்றிய நகைச்சுவைகள் பிடித்திருந்தன, ஆனால் அது தன் பிள்ளைகளைப் பாதித்த விதம் பிடிக்கவில்லை, இனி அப்படி ஒன்றைச் செய்யமாட்டேன் என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்டபோது எனக்கு என் சொந்தக் கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பனின் நாற்பதாவது பிறந்தநாளில் நான் ரோஸ்ட் பண்ணினேன். அவன் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை திறந்து எட்டே மாதத்தில் மூடியிருந்தான். “கடை திறந்த அன்னிக்குப் போட்ட மாலை வாடறதுக்குள்ள கடை வாடிருச்சு” என்றேன். அவனும் சிரித்தான். நான்கு நிமிடம் கழித்து, அவன் கல்யாண மாலையைப் பற்றிப் பேசும்போது நிறுத்தினேன். கூட்டம் புரிந்துகொண்டு வெடித்தது. உத்தி என்று பார்த்தால் குறையே இல்லை. இடைவெளி சரி, இடம் சரி, கடைசித் துண்டு அவர்கள் கையில். மூன்றாவது முறை, கேக் வெட்டும்போது போட வேண்டிய மாலை வரை கொண்டுபோனேன்.

இரண்டாவது முறையே அவன் கையிலிருந்த கண்ணாடிக் குவளையைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். காணொளியில் தெரிகிறது. அன்று நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கூட்டம் எனக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது. என் மூன்று மாலைக்கும் ஒரே பொருள்தான் இருந்தது, ‘நீ தோற்றாய்’. எதுவும் திரும்பி நிற்கவில்லை. மூன்றாவதில் அவன் மனைவி எழுந்து சமையலறைப் பக்கம் போனதும் காணொளியில் இருக்கிறது.

நல்ல கால்பேக் அறையை விட்டு வெளியே போகாது என்று நம்பியிருந்தேன். இது போனது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயர் இன்றுவரை ‘மாலை’. போன மாதம் இன்னொருவன் புதிதாகக் கடை திறந்த படத்தைப் போட்டிருந்தான். வாசலில் பெரிய ரோஜா மாலை. அதன் கீழே மூன்று பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். அவன் அந்தச் செய்தியைப் படித்துவிட்டான் என்பது மட்டும் தெரிந்தது.