விட்டுக் கட்டிய ஓர் அங்குலம்

பழைய வீட்டோடு புது அறையைச் சேர்க்கும் இடத்தில் விரிசல் விழுவதற்கு அடிப்படைக் காரணம், வீடு மண்ணில் உட்கார்ந்து முடித்துவிட்டது, அறை இன்னும் உட்காரவில்லை என்பதுதான். வீட்டின் கீழுள்ள மண் முப்பது ஆண்டுகளாக எடை தாங்கி இறுகியிருக்கிறது. அறையின் கீழுள்ள மண் முதல் எடையை இப்போதுதான் வாங்குகிறது. மணற்பாங்கான தரையில் இந்த இறக்கத்தின் பெரும்பகுதி வேலை நடக்கும்போதே முடிந்துவிடும். ஈரக் களிமண்ணில் நீர் மெல்லக் கசிந்து வெளியேற வேண்டும் என்பதால் ஆண்டுக்கணக்கில் நீளும். ஸ்கெம்ப்டன், மெக்டொனால்ட் என்ற இரு பொறியாளர்கள் பல கட்டடங்களை ஆராய்ந்து 1956-இல் ஒரு வரம்பைச் சொன்னார்கள்: இரு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் முந்நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கம் வேறுபட்டாலே சுவரில் விரிசல் தொடங்கலாம். 3 மீட்டர் சுவருக்கு அது வெறும் 10 மில்லிமீட்டர்.

பழைய சுவரில் ஒன்றுவிட்டு ஒரு வரிசைச் செங்கல்லைத் தட்டி எடுத்து, அந்தப் பல்லில் புதுச் சுவரைக் கோத்துக் கட்டுவது பரவலான பழக்கம். பார்க்க உறுதியாகத்தான் தெரியும். ஆனால் புதுச் சுவர் இறங்கும்போது அந்தப் பல் பழைய சுவரையும் இழுக்கிறது; பூச்சு மட்டுமல்லாமல் செங்கல்லும் பிளக்கிறது. இரண்டு கட்டடமும் பாறையிலோ கெட்டியான சுக்கானிலோ நிற்கும்போது மட்டுமே கோத்துக் கட்டுவதில் ஆபத்து குறைவு. மற்ற மண்ணில் அறை தன் காலில் தனியாக நிற்க வேண்டும். இந்த வேலையின் அழகு முழுக்க அந்தத் தனிமையைக் கண்ணுக்கு உறுத்தாமல் செய்வதில் இருக்கிறது.

செம்மண் நிலத்தில், 4 அடி ஆழக் கருங்கல் கடக்கால் மேல் நிற்கும் ஒரு மச்சு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் பக்கச் சுவரை ஒட்டி, சுவரின் போக்கில் 12 அடியும் வெளியே 10 அடியுமாக ஓர் அறை வேண்டும். சுவர் ஓரத்திலேயே பில்லர் போட்டால், வானம் தோண்டும்போது பழைய கடக்காலின் பக்கத்துணை போய்விடும். புது எடையும் அதன் கீழுள்ள மண்ணையே அமுக்கும். அப்போது அசையாதிருந்த பழைய சுவரே சாயத் தொடங்கும். தேர்ந்த பொறியாளர் முதல் வரிசைப் பில்லர்களைச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி வைப்பார். பில்லர் குழிகள் பழைய கடக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்காது. பில்லரிலிருந்து பீம் மட்டும் 3 அடி முன்னே நீண்டு, பழைய சுவருக்கு ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிடும். நீட்டிய பகுதியில் முதன்மைக் கம்பி பீமின் மேல்பக்கம் இருக்க வேண்டும், பில்லரைத் தாண்டிப் பின்னாலும் நன்றாக ஓட வேண்டும். கம்பி கட்டுபவர் பழக்கதோஷத்தில் கீழே போட்டுவிட்டால் நுனி தொங்கிவிடும். பக்கச் சுவர்கள் இந்த நீட்டிய பீமின் மேல் ஏறுகின்றன. நான்காவது சுவர் தேவையில்லை; வீட்டின் பழைய சுவரே அந்தப் பக்கத்தை மூடுகிறது, எதையும் தாங்காமல்.

விட்ட அங்குலம் கடைசிவரை வெறுமையாக இருப்பதுதான் கடினம். கட்டும்போது தெர்மாகோல் அட்டை வைத்தால் கலவை உள்ளே விழாது. ஒரு கைப்பிடிக் கலவை இறுகிக் கிடந்தாலும் போதும், இரு கட்டடமும் அங்கே முட்டிக்கொள்ளும். பூச்சும் இடைவெளியின் இருபுறமும் வெட்டிவிட்டாற்போல் நிற்க வேண்டும். அதன் மேலே இழுத்துப் பூசி மறைத்தால், மறைத்த இடத்திலேயே கோணல்மாணலான விரிசல் வரும். நேராக விட்ட கோடு ஒரு மெல்லிய நிழலாக மட்டும் தெரியும். கைதேர்ந்த கொத்தனாரின் வேலையை அங்கே அடையாளம் காணலாம். வீட்டிலிருந்து அறைக்குப் போகும் வாசலில் தரை ஓடுகளின் சந்து சரியாக இந்தக் கோட்டின் மேல் விழ வேண்டும். மூடும் பட்டையை ஒரு பக்கம் மட்டும் திருகி, மறுபக்கத்தை நழுவ விட வேண்டும்.

இந்த இடைவெளிக்குள் மழைநீர் இறங்கும் வழி கூரையில்தான். புதுத் தளத்தின் விளிம்பில் அரை அடிக் கட்டை எழுப்பி, பழைய சுவரில் காடி வெட்டி அலுமினியத் தகட்டைச் செருகி, அது கட்டையின் மேல் கவிழ்ந்து தொங்கும்படி விடுவார்கள். தகடு கட்டையில் ஆணியால் இறுகக்கூடாது. அறை இறங்கினால் தகடு நிற்கும் இடத்தில் நிற்கும், தண்ணீர் புகாது.

கரிசல் மண்ணில் இந்த ஏற்பாடு மட்டும் போதாது. அங்கே மண் இறங்குவதோடு, மழையில் உப்பி வெயிலில் சுருங்கவும் செய்கிறது. பருவம் மாறினாலும் ஈரம் மாறாத ஆழத்துக்கு, பெரும்பாலும் 3.5 மீட்டருக்குக் குறையாமல், அடியில் குமிழ்போல் அகன்ற பைல்களை இறக்க வேண்டும். தரைமட்ட பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே மண் உப்ப இடமும் விட வேண்டும்.

பின்னாளில் பூச்சில் கோடு தெரிந்தால், அதன் இரு நுனியிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி வைப்பது நல்லது. மழைக்காலம் கழிந்தும் நீளாத மயிரிழைக் கோடு பெரும்பாலும் பூச்சு காய்ந்த சுருக்கம். மேலே அகன்று கீழே ஒடுங்கும் கோடு, அறையின் வெளிமுனை இறங்குவதைக் காட்டும். இடைவெளி சீராக இருக்க, பழைய சுவரில் மட்டும் படிக்கட்டுபோல் சாய்வாகக் கோடு ஓடினால், பழைய கடக்கால் அசைந்திருக்கிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது அதன் ஓரத்தில் மழைநீர்க் குழாய் கசிகிறதா என்பதுதான்.