பாதி எழுதியே கிடைக்கும் சுருக்கம்: ஜெர்மன் ஆய்வுநடையின் வாய்பாட்டுத் தொடர்கள்

ஜெர்மன் ஆய்விதழ்களில் கட்டுரைக்கு முன்னால் அச்சாகும் ஆய்வுச்சுருக்கங்களில் பத்தைத் தொடர்ந்து படித்தால், துறைகள் வேறாக இருந்தாலும் வாக்கியங்கள் ஒரே வார்ப்பில் வருவது தெரியும். முதல் வாக்கியம் பெரும்பாலும் ‘டேர் ஃபோர்லீகெண்டே பைட்ராக் உன்டர்ஸூக்ட்’ என்று தொடங்கும். ‘இக்கட்டுரை ஆராய்கிறது’ என்பது அதன் பொருள். நடுவில் ‘டீ எர்கேப்னிஸ்ஸெ ட்சைகென், டஸ்’, அதாவது ‘முடிவுகள் காட்டுவது என்னவென்றால்’, என்று ஒன்று வரும். கடைசி வாக்கியத்தில் விளைவுகள் ‘விவாதிக்கப்படுகின்றன’. பல்கலைக்கழகங்களின் எழுத்துப் பயிற்சி மையங்கள் இத்தகைய தொடர்களைப் பட்டியலாகவே மாணவர்களிடம் கொடுக்கின்றன. பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்குச் சுருக்கத்தில் பாதி எழுதியே கிடைத்துவிடுகிறது. இந்த வழக்கத்தின் வசதியும் அதன் கோளாறும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

முதலில் வசதியைப் பார்க்கலாம். ஜெர்மனை இரண்டாம் மொழியாகக் கற்று அதில் ஆய்வேடு எழுதுபவர் துறைச்சொற்களில் அதிகம் இடறுவதில்லை. அந்தச் சொற்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றில் பல பிற மொழிகளுக்கும் பொதுவானவை. அவரைக் கவிழ்ப்பவை சாதாரணமாகத் தோன்றும் இணைப்புத் தொடர்கள். மொழியியலாளர் கோன்ராட் ஏலிஷ் இந்த அடுக்குக்கு ‘அன்றாட ஆய்வுமொழி’ என்று பெயரிட்டார். எந்தத் துறைக்கும் தனிச்சொத்தாக இல்லாமல் எல்லாத் துறைகளும் புழங்கும் சொற்சேர்க்கைகள் அவை.

‘கேள்வியை ஆராய்தல்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மன் வழக்கு ‘டேர் பைட்ராக் கேட் டேர் ஃப்ராகெ நாக்’. இதில் ‘நாக்’ என்ற துண்டு வினையின் பகுதி. ஆனாலும் வினையை விட்டுப் பிரிந்து தள்ளி நிற்கிறது. ‘கேள்வி’ என்ற பெயர் நான்காம் வேற்றுமைக்கு ஒப்பான வடிவில் வருகிறது. ‘ஆராய்தல்’ என்ற பொருளே கொண்ட ‘உன்டர்ஸூகென்’ வினைக்கோ இரண்டாம் வேற்றுமைக்கு ஒப்பான வடிவம் வேண்டும். அதில் பிரியும் துண்டும் கிடையாது. இரண்டையும் கலந்து ‘கேள்வியின்பின் ஆராய்கிறது’ என்பதுபோல் ஒரு வாக்கியம் அமைத்தால் இலக்கணம் முதல் வரியிலேயே உடையும். தொடரை முழுதாக, வேற்றுமையும் பிரிந்த துண்டும் சேர்த்து மனப்பாடம் செய்தவருக்கு இந்த ஆபத்து இல்லை.

இன்னொரு பலமும் உண்டு. அதைப் பட்டியல்கள் அவ்வளவாக விளக்குவதில்லை. முடிவைச் சொல்லும் ஜெர்மன் தொடர்கள் உறுதியின் அளவைப் பொறுத்துப் படிகளாக அமைந்தவை. மேல்படியில் ‘பெலேகென்’ இருக்கிறது: ‘சான்றுடன் நிறுவுகின்றன’. அதற்குக் கீழே ‘ட்சைகென்’: ‘காட்டுகின்றன’. இன்னும் கீழே ‘லேகென் நாஹெ’, ‘டொய்டென் டரௌஃப் ஹின்’ என்ற இரண்டு: ‘இவ்வாறு எண்ண இடம் தருகின்றன’, ‘இதைச் சுட்டுகின்றன’. அடிப்படியில் ‘லாஸ்ஸென் ஃபெர்மூட்டென்’: ‘ஊகிக்க விடுகின்றன’. துறைக்குப் பழகிய வாசகர் வினையைப் பார்த்த கணத்திலேயே ஆய்வாளர் தம் முடிவை எவ்வளவு நம்புகிறார் என்று அறிந்துகொள்வார். இதைத் தனியாக விளக்க ஒரு வாக்கியம் செலவிட வேண்டியதில்லை. சுருக்கத்துக்கு 150 முதல் 250 சொற்களே தரும் இதழ்களில் இது பெரிய சேமிப்பு.

கோளாறு எங்கே வருகிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனை ஆய்வை முன்வைக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து உரக்க வாசிப்பது ஜெர்மன் பள்ளிகளில் அறிமுகமான பயிற்சி. இதை 84 மாணவர்களிடம் 12 வாரம் சோதித்ததாகக் கொள்வோம். இரண்டு வகுப்புகள் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் இணைவாசிப்புச் செய்கின்றன. மற்ற இரண்டில் வழக்கமான பாடம் நடக்கிறது. பயிற்சி வகுப்புகளில் நிமிடத்துக்கு 98 சொல்லாக இருந்த வாசிப்பு வேகம் 117 ஆகிறது. மற்ற வகுப்புகளில் 97 என்பது 106 ஆகிறது. வாசித்ததைப் புரிந்துகொள்ளும் திறனில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. எந்த வகுப்பு பயிற்சி பெறுவது என்பதைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கவில்லை; விருப்பம் தெரிவித்த ஆசிரியர்களின் வகுப்புகளுக்கே அது கிடைத்தது.

பட்டியலை மட்டும் நம்பும் ஒருவர் இதன் சுருக்கத்தை இப்படி எழுதுவார்: ‘இவ்வாய்வின் வரம்புக்குள், இணைவாசிப்பு எந்த அளவுக்கு வாசிப்புத்திறனை வளர்க்கிறது என்ற கேள்வி ஆராயப்படுகிறது. இதற்கென அளவுசார் ஆய்வு ஒன்று மேற்கொள்ளப்பட்டது. முடிவுகள் முன்வைக்கப்பட்டு, ஆய்வின் தற்போதைய நிலையின் பின்னணியில் விளக்கப்படுகின்றன. இறுதியாகப் பள்ளி நடைமுறைக்கான விளைவுகள் விவாதிக்கப்படுகின்றன.’ ஜெர்மனில் இதன் ஒவ்வொரு வாக்கியமும் பிழையற்று அமையும். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் கோடிட ஒரு சொல் அகப்படாது. ஆனால் பிள்ளைகள் வேகமாக வாசித்தார்களா, புரிந்துகொண்டார்களா என்று தேடினால் பதில் கிடைக்காது. ‘இணைவாசிப்பு’ என்ற இடத்தில் ‘மரம் நடுதல்’ என்று போட்டு ஓரிரு சொல்லை மாற்றினால் காட்டியல் துறைக்கும் இதே சுருக்கம் பொருந்தும்.

தலைப்பைச் சொல்வதற்கும் முடிவைச் சொல்வதற்கும் உள்ள இந்த வேறுபாடு ஜெர்மன் ஆவணவியலுக்குப் புதிதன்று. உள்ளடக்கச் சுருக்கங்களுக்கென 1988-இல் வெளியான டின் 1426 என்ற தரநிலை, சுருக்கத்தைச் சுட்டு வகை, தகவல் வகை என்று பிரிக்கிறது. கட்டுரை எதைப் பற்றியது என்று சொல்வது முதல் வகை. என்ன கண்டது என்று சொல்வது இரண்டாவது. சோதனை செய்து எண்களைப் பெற்ற ஆய்வுக்குத் தகவல் வகையே உரியது. வாய்பாட்டுத் தொடர்களோ எழுதுபவரைச் சுட்டு வகையின் பக்கம் இழுக்கின்றன. ‘ஆராயப்படுகிறது’, ‘முன்வைக்கப்படுகிறது’, ‘விவாதிக்கப்படுகிறது’ ஆகியவற்றுக்கு ஒரு தலைப்புச்சொல் கிடைத்தாலே போதும், வாக்கியம் முடிந்துவிடும். ‘காட்டுகின்றன’ என்பதற்கு அப்படி முடிய வழியில்லை. அதன்பின் வரும் ‘டஸ்’ என்ற இணைப்புச்சொல், எழுவாயும் பயனிலையும் கொண்ட ஒரு முழுக்கூற்றைக் கேட்டு வாங்கிவிடும்.

ஆகவே வரைவைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதன் முதன்மை வினைகளை மட்டும் வட்டமிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றின்பின்கூட முழுக்கூற்று இல்லையென்றால் அந்தச் சுருக்கம் பொருளடக்கத்தின் வேலையைத்தான் செய்கிறது. மேலுள்ள வரைவில் அப்படி ஒரு வினைகூட இல்லை.

தொடர்கள் அடைக்கும் இடமும் கணக்கில் வர வேண்டும். ஜெர்மன் இதழ்கள் பல, வரம்பைச் சொற்களில் குறிக்காமல் இடைவெளி உட்பட எழுத்துக்குறிகளில் குறிக்கின்றன. ‘இம் ராமென் டேர் ஃபோர்லீகெண்டென் ஆர்பைட் விர்ட் டேர் ஃப்ராகெ நாக்கெகாங்கென், இன்வீஃபேர்ன்’ என்ற தொடக்கம் ஜெர்மன் எழுத்தில் 72 குறிகள் எடுக்கிறது. 1,000 குறிகள் அனுமதிக்கும் இதழில், பொருள் தொடங்கும் முன்பே ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு தீர்ந்துபோகிறது. மாதிரி ஆய்வின் 98, 117, 97, 106 என்ற நான்கு எண்களும் அவற்றின் விளக்கமும் ஏறக்குறைய அந்த இடத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இரண்டாவது குறை, செய்தவர் மறைவது. ஆய்வுமொழியில் ‘நான்’ என்ற சொல்லுக்கு விதிக்கப்பட்ட மறைமுகத் தடையை ஹரால்ட் வைன்ரிஷ் ‘இஷ்-ஃபெர்போட்’ என்று குறிப்பிட்டார். சுருக்கத்தில் இந்தத் தடை பெரும்பாலும் தீங்கற்றது. கட்டுரையின் ஆசிரியர் பெயர் மேலேயே இருக்கும்போது, 84 மாணவர்களைச் சோதித்தவர் யார் என்ற ஐயம் எவருக்கும் எழாது. சிக்கல் வருவது ‘எஸ் விர்ட் டஃபோன் அவுஸ்கெகாங்கென், டஸ்’ போன்ற இடங்களில். ‘இவ்வாறு கருதப்படுகிறது’ என்று அதற்குப் பொருள். கருதுபவர் கட்டுரையாசிரியரா, துறையினர் பொதுவாகவா? ‘இணைவாசிப்பு புரிதலையும் வளர்க்கும் என்று கருதப்படுகிறது’ என்று மாதிரிச் சுருக்கத்தில் எழுதினால், அது இந்த ஆய்வின் கருதுகோளாகவும் இருக்கலாம், ஆய்வு மறுக்க வந்த பழைய நம்பிக்கையாகவும் இருக்கலாம். புரிதலில் வேறுபாடு இல்லை என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு என்பதால் இந்தக் குழப்பத்தின் விலை அதிகம். ‘இதுவரையான ஆய்வுகளில்’ என்றோ ‘இங்கே’ என்றோ ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்துவிடும். செயப்பாட்டு வினையைக் கைவிடவும் வேண்டியதில்லை.

தொடர்களை அளவாக வைத்துக்கொண்டு அதே சுருக்கத்தைத் திருத்தினால் இப்படி வரும்: ‘இணைவாசிப்பு ஐந்தாம் வகுப்பில் வாசிப்பு வேகத்தையும் புரிதலையும் வளர்க்கிறதா என்ற கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது. நான்கு வகுப்புகளின் 84 மாணவர்கள் 12 வாரத்துக்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டனர். இரண்டு வகுப்புகள் வாரம் மூன்று முறை 15 நிமிடம் பயிற்சி பெற்றன. பயிற்சி வகுப்புகளில் வேகம் நிமிடத்துக்கு 98-இலிருந்து 117 சொல்லாகவும், ஒப்பீட்டு வகுப்புகளில் 97-இலிருந்து 106 சொல்லாகவும் உயர்ந்தது. புரிதலில் வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சி வேகத்தை வளர்க்கிறது என்பதை முடிவுகள் சுட்டுகின்றன. வகுப்புகள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படாததால் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை.’

இதில் எஞ்சிய வாய்பாடுகள் இரண்டு: தொடக்கத்தில் கேள்வியை அறிவிக்கும் தொடர், முடிவில் ‘சுட்டுகின்றன’. முன்னது வாசகருக்குத் திசை காட்டுகிறது. பின்னது உறுதிப்படியில் சரியான இடத்தில் நிற்கிறது. அங்கே ‘நிறுவுகின்றன’ என்று போட்டிருந்தால், குலுக்கலின்றித் தேர்ந்த நான்கு வகுப்புகள் அந்தச் சொல்லின் எடையைத் தாங்கியிருக்காது. காலமும் மாறி மாறி வருகிறது: கட்டுரை செய்வது நிகழ்காலத்தில், வகுப்பில் நடந்தது இறந்தகாலத்தில், முடிவிலிருந்து பெறும் கருத்து மறுபடியும் நிகழ்காலத்தில். ஜெர்மன் சுருக்கங்களில் பரவலாகக் காணப்படும் இந்த ஒழுங்கு, நடந்த செயலையும் இன்றும் நிற்கும் கருத்தையும் பிரித்துக் காட்டுகிறது.

மருத்துவத் துறை வேறு வழியில் இறங்கியது. ‘டாய்ச்செஸ் ஏர்ட்செப்ளாட்’ இதழின் சுருக்கங்கள் பின்னணி, முறை, முடிவுகள், தீர்வுரை என்ற தலைப்புகளின் கீழ் வருகின்றன. வாய்பாட்டுத் தொடர் செய்த அறிவிப்பு வேலையைத் தலைப்பே எடுத்துக்கொள்வதால் ‘முடிவுகள் முன்வைக்கப்படுகின்றன’ என்று எழுத வாய்ப்பே இல்லை. முடிவுகள் என்ற தலைப்பின் கீழ் எண் இல்லையென்றால் வெறுமை பளிச்சென்று தெரியும்.

ஆனால் இந்தச் சட்டகம் எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு நகரத்தின் கடிதங்களை வைத்து வாதம் கட்டும் வரலாற்றாசிரியரிடம் ‘முறை’, ‘முடிவு’ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால் கட்டுரையே சிதையும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பேசும் மதிப்பீட்டுக் கட்டுரைக்குச் சுட்டு வகைச் சுருக்கமே நேர்மையானது. அங்கே ‘விவாதிக்கப்படுகின்றன’ என்பது உண்மையில் நடப்பதைத்தான் சொல்கிறது. அதே தொடரைச் சோதனை அறிக்கையின் கடைசி வரியில் வைப்பவர், எந்த விளைவு என்பதை அதே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். மாதிரி ஆய்வில் அது ஒரு வரிதான்: புரிதலுக்கு இணைவாசிப்பு மட்டும் போதவில்லை, அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படலாம்.