மூன்றில் இரண்டு எதன் விகிதம்?

பயிற்சித்தாளில் மூன்று வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். முக்கோணம் ABC-இல் DE என்ற கோடு BC-க்கு இணை; AD = 4 செ.மீ., DB = 2 செ.மீ., BC = 9 செ.மீ. முதல் வினா DE-இன் நீளத்தைக் கேட்கிறது. இரண்டாவது, ADE-இன் பரப்பு 8 ச.செ.மீ. என்று சொல்லி, ABC-இன் பரப்பையும் சரிவகம் DBCE-இன் பரப்பையும் கேட்கிறது. மூன்றாவதில் 12 செ.மீ. உயரமுள்ள ஒரு கூம்பு தலைகீழாக நிற்கிறது. அதன் கொள்ளளவு 270 மி.லி.; 8 செ.மீ. உயரத்துக்கு நீர் இருக்கிறது. நீரின் அளவைக் காண வேண்டும்.

முதல் விடையில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரு கோணங்கள் ஏன் சமம் என்று காரணத்தோடு எழுதி, முக்கோணங்கள் வடிவொத்தவை என்று நிறுவிய பிறகே விகிதத்தைத் தொடுகிறார் மாணவர். AD-ஐ DB-ஆல் வகுக்கும் வழக்கமான பிழையிலும் அவர் விழவில்லை; AB-ஆல் வகுத்து 2/3 பெற்று, DE = 6 என்கிறார். முழு மதிப்பெண்.

இரண்டாம் விடையில் அந்த ஒழுங்கே அவரை இழுத்துச் சென்றுவிட்டது. AD/AB = DE/BC = 2/3 என்ற வரியின் வாலிலேயே பரப்புகளின் விகிதத்தையும் சமக்குறி போட்டுச் சேர்த்துவிட்டார். ABC-இன் பரப்பு 12, சரிவகத்தின் பரப்பு 4 என்பவை அவர் விடைகள். சரியானவை 18, 10. பக்கங்களை மும்மூன்று சமபாகமாக்கி, பக்கங்களுக்கு இணையாகக் கோடுகள் வரைந்தால் ABC ஒன்பது சர்வசம முக்கோணங்களாகப் பிரியும். மேலிருந்து வரிசைக்கு 1, 3, 5. ADE-க்குள் நான்கு, சரிவகத்துக்குள் ஐந்து. ஆகவே சரிவகம் ADE-ஐ விடப் பெரியதாகத்தான் இருக்க முடியும். அவர் விடையோ அதைப் பாதியாக்குகிறது. படத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும்.

ஆனால் 12 என்ற எண்ணை அடித்துவிட்டு நகர்வது திருத்துபவரின் சோம்பல். BE-ஐ இணைத்துப் பாருங்கள். ADE, ABE ஆகிய இரு முக்கோணங்களுக்கும் E-இலிருந்து AB-க்கு வரையும் குத்துயரம் ஒன்றே. அதனால் பரப்புகளின் விகிதம் அடிப்பக்கங்களின் விகிதமே, அதாவது 4 : 6. ABE-இன் பரப்பு சரியாக 12. அவர் சரிவகத்துக்குத் தந்த 4, BDE-இன் பரப்பு. மாணவர் கண்டது இதே படத்தில் உள்ள வேறொரு முக்கோணத்தின் உண்மையான பரப்பு. விட்டுப்போனது BEC-இன் 6. நீளத்தோடு குத்துயரமும் ஒன்றரை மடங்காகிறது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. யூக்ளிட் தம் ஆறாம் நூலில் ஒரே உயர முக்கோணங்களின் விதியை முதல் கூற்றாகவும், வடிவொத்த முக்கோணங்களின் பரப்பு விதியைப் பத்தொன்பதாம் கூற்றாகவும் வைத்தார். அடிப்படை விகிதசமத் தேற்றத்துக்கு அவர் தரும் நிறுவல் முதல் விதியின் மேல்தான் நிற்கிறது. அந்த நிறுவலைப் படித்த மாணவர் இரண்டு விதிகளையும் ஒன்றாக்கிக்கொள்வது இயல்பு. இயல்பு என்பதால் அது சரியாகிவிடாது.

வர்க்க விதியே அவருக்குத் தெரியாது என்று முடிவுகட்டவும் இயலாது. மூன்றாம் வினாவில் 8/12-ஐச் சுருக்கி, வர்க்கமாக்கி, 270-இன் 4/9 பங்கான 120 மி.லி. என்று எழுதியிருக்கிறார். வர்க்கம் அவர் கைவசம் உண்டு. எதற்கு உரியது என்பதில்தான் தெளிவில்லை. இங்கே பயிற்சித்தாளுக்கும் பங்கு உண்டு. கூம்பை அது வெறும் முக்கோணமாக, அச்சு வழியே வெட்டிய தோற்றமாக மட்டும் வரைந்திருக்கிறது. அந்த வெட்டுமுகத்தில் நீர் நிற்கும் பகுதி உண்மையிலேயே 4/9 தான். ஆனால் நீருக்கு உயரத்தோடு குறுக்கிலும் ஆழத்திலும் அளவு குறைகிறது. மூன்று முறை 2/3, அதாவது 8/27. விடை 80 மி.லி. வாய்வட்டத்தை நீள்வட்டமாகக் காட்டியிருந்தால் அந்த மூன்றாம் திசை கண்ணில் பட்டிருக்கும். பரப்பு விகிதத்திலிருந்து பக்க விகிதத்துக்குத் திரும்பும் வினா ஒன்றுகூட இல்லாதது தாளின் இன்னொரு குறை.

இரண்டாம் வினாவில் விகிதத்துக்கு ஒன்று. தாம் கண்ட 12-இலிருந்து 8-ஐக் கழித்த முறை சரி என்பதால் அதற்கு ஒன்று. மூன்றாம் வினாவில் கூம்புகள் வடிவொத்தவை என்று காட்டியதற்கு ஒன்று, உயர விகிதத்துக்கு ஒன்று. ‘நீளமா, பரப்பா, கன அளவா’ என்று ஒவ்வொரு விகிதத்தின் கீழும் எழுதியிருந்தால் இரு பிழைகளுமே வெளிப்பட்டிருக்கும். எழுதாததால் அதற்கு மேல் தர இடமில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியது ஒரே வரி: BE-ஐ இணைத்து, ABE-இன் பரப்பைக் கண்டு, உம் விடையோடு ஒப்பிடுக. மதிப்பெண் 15-க்கு 9.