மூன்று நிமிடத்தில் ஒரு மூட்டை நெல்

முதலீட்டாளர் கண்ணில் படவென்று எடுக்கப்பட்ட வீடியோக்களில் எனக்கு இன்னும் சலிக்காதது, 2007 ஏப்ரலில் ட்ரூ ஹூஸ்டன் எடுத்த டிராப்பாக்ஸ் வீடியோ. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கணினித் திரையும் ஹூஸ்டனின் குரலும்தான். ஒரு கணினியில் கோப்பைப் போடுகிறார். அது இன்னொரு கணினியில் வந்து நிற்கிறது. ஒய் காம்பினேட்டரின் பால் கிரகாம் பார்க்கவேண்டும் என்பதே அவருடைய குறி. அந்தக் கோடையில் அங்கே இடம் கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் செக்கோயா நிறுவனம் 12 லட்சம் டாலர் போட்டது. மறு ஆண்டு அதே பாணியில் வந்த இன்னொரு வீடியோவுக்குப் பிறகு, காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000 பேரிலிருந்து 75,000 பேராக ஏறியது.

இதில் ரசிக்கவேண்டியது எளிமையை அல்ல. ‘இது வேலை செய்யும்’ என்று அவர் எங்கேயும் வாதாடவில்லை, செய்துகாட்டிவிட்டார். காகிதத்தில் எழுதிய பிட்ச்சை வீடியோவாக மாற்றி எழுதுகிறவரின் கைத்திறனை நான் இங்கேதான் தேடுவேன்: எந்த வாக்கியத்தைப் பேச்சிலிருந்து எடுத்துக் காட்சியிடம் கொடுத்தார்?

கோப்பு திரையில் நகரும், சரி. நெல் எப்படி நகரும்? செஞ்சியை வைத்து ஒரு மாதிரியைச் செய்துபார்க்கலாம். திட்டம் கற்பனை; பிரச்சினை நிஜம். இப்போது பெரும்பாலும் மெஷின் அறுப்புதான். முன்பு அறுத்த தாள் வயலில் கிடந்து காய்ந்து களத்துக்கு வரும். மெஷின் அறுத்த நெல் அதே ஈரத்தோடு மூட்டைக்குப் போகிறது. அரசு கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அறுத்த கையோடு வரும் நெல்லில் 22 இருப்பது சாதாரணம். காயவைக்கக் களம் கிடைக்காதவர்கள் தார்ச்சாலையில் கொட்டிப் பரப்புகிறார்கள். அதற்கும் வழியில்லாதவர் ஈரநெல்லையே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோய், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். நம் கற்பனை நிறுவனம், டிராக்டரில் இழுத்துவரும் உலர்த்தும் இயந்திரத்தை மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்போகிறது.

இந்த மாதிரி எழுத்துப்படிகள் எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியைச் சுற்றி டிரோன் பறக்கும். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க செஞ்சி மண்ணில்’ என்று கனத்த குரல். கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கும். அங்கே டிரோன் விட தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். 180 விநாடியில் 20 விநாடி மலைக்குப் போனால் அது பிரச்சினையிடமிருந்து பிடுங்கிய நேரம் என்பதுதான் எனக்கு உறுத்துவது. கோட்டைக்குள் இருக்கும் பழைய நெற்களஞ்சியத்தைக் காட்டலாமே, பொருத்தமாக இருக்குமே என்று ஒருவர் வாதாடலாம். அழகான யோசனை, அதையும் வெட்டுவேன். பணம் போடுகிறவர் ராஜா காலத்து ஈரத்துக்குப் பணம் போடப்போவதில்லை.

மாற்றி எழுதும்போது தாளை இரண்டாகப் பிரிப்பது பழைய வழக்கம்: இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல். நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 100 சொல்லை ஒட்டித்தான் வரும். காட்சிக்கு மூச்சுவிட இடம் கொடுத்தால் மூன்று நிமிடத்துக்கு 250 சொல் போதும். ஒன்பது பக்கப் பிட்ச் ஒன்றிலிருந்து 250 சொல்லுக்கு வரச் சுருக்குவது பயன்படாது, இடம்மாற்றத்தான் வேண்டும். ‘அறுவடைக்குப் பிந்தைய ஈரப்பத மேலாண்மை இல்லாமையால் விவசாயிகள் விலை இழப்பைச் சந்திக்கின்றனர்’ என்ற வாக்கியம் இடப்பக்கத்துக்குப் போய் இப்படி ஆகிறது: ஒரு கை மூட்டைக்குள் நுழைந்து ஒரு பிடி நெல்லை எடுக்கிறது, ஈரப்பதமானியில் போடுகிறது, எண் ஏறி 22-இல் நிற்கிறது. வலப்பக்கத்தில் ஒரே வரி: “17 தாண்டினால் கொள்முதல் இல்லை.” பிரச்சினைக்கு 40 விநாடி போதும். அதற்கு மேல் நீட்டினால் அனுதாபம் தேடுவதாகத் தோன்றும்.

ஆதாரத்துக்குத்தான் நேரத்தை அள்ளிக்கொடுக்கவேண்டும். ஒன்றரை நிமிடமாவது. ‘எங்கள் இயந்திரத்தால் விவசாயிக்கு கிலோவுக்கு 10 சதவீதம் கூடுதல் விலை’ என்று முதல் எழுத்துப்படியில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. அதைக் காட்சியாக்க முயலும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். செஞ்சிப் பக்கம் மூட்டை 75 கிலோ. 22 சதவீத ஈரம் என்றால் அதில் தண்ணீர் போக மிச்சம் 58.5 கிலோ. அதே நெல்லை 17 சதவீதத்துக்கு உலர்த்தி மறுபடி தராசில் வைத்தால் எடை சுமார் 70.5 கிலோ காட்டும். நாலரை கிலோ ஆவியாகிவிட்டது. ஈரநெல் கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் மூட்டைக்கு 1,500. உலர்ந்தது 10 சதவீதம் கூடுதலாக 22 ரூபாய்க்குப் போனாலும் 1,551தான். ஆக விவசாயிக்கு மிஞ்சுவது 51 ரூபாய், அதுவும் இயந்திர வாடகையைக் கொடுப்பதற்கு முன்னால்.

சாதாரண எழுத்தாளர் இந்தத் தராசுக் காட்சியை மறைப்பார். தேர்ந்த கை அதை வீடியோவின் நடுவே வைக்கும். முதலில் 75, பிறகு 70.5, அதே மூட்டை, அதே தராசு. குரல் எடை குறைந்ததைத் தானே சொல்லிவிட்டு, விலை எவ்வளவு ஏறினால், வாடகை எவ்வளவுக்குள் இருந்தால் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் என்று கணக்கைச் சொல்லும். நெல் தெரிந்த முதலீட்டாளர் எப்படியும் கேட்கப்போகிற கேள்விதான் அது. அவர் வாயைத் திறப்பதற்குள் பதில் திரையில் இருந்தால், அதன்பிறகு சொல்வதையெல்லாம் அவர் வேறு காதால் கேட்பார். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் குறை எழுத்துப்படியில் இல்லை, தொழிலில் இருக்கிறது. கேமரா வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே அது தெரிவது நல்லது.

இன்னொரு ஷாட்டும் இருந்தால் எனக்கு முழுத் திருப்தி. அவசரமாகச் சூடேற்றிய நெல்லுக்குள் அரிசி விரிசல்விட்டு, அரவையில் நொய்யாகப் போகும். ஆலைக்காரர் விலையை அதைப் பார்த்துத்தான் சொல்வார். அதனால் வெயிலில் காய்ந்த பிடியையும் இயந்திரத்தில் காய்ந்த பிடியையும் ஒரே ஆலையில் அரைத்து, முழு அரிசியையும் நொய்யையும் பக்கம் பக்கமாக வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டவேண்டும். அங்கே குரலே வேண்டாம்.

பணம் கேட்பது கடைசி 30 விநாடி. பெரும்பாலான வீடியோக்கள் இங்கே குழைந்துவிடும்: ‘எங்கள் பயணத்தில் இணையுங்கள்’. எவ்வளவு என்று சொல்ல வாய் வராது. ஆதாரம் எங்கே நின்றதோ அங்கிருந்து கேட்பதுதான் அழகு. இதுவரை ஒரு இயந்திரம், ஒரு சம்பா அறுவடை. அடுத்து நான்கு இயந்திரம், இரண்டு அறுவடை. அதற்கு இவ்வளவு லட்சம். இயந்திரத்துக்கு ஒரு நாளில் இத்தனை மூட்டை தேறாவிட்டால் ஐந்தாவது இயந்திரம் வாங்கமாட்டோம். நின்றுவிடும் இடத்தையும் சேர்த்துச் சொல்கிறவரிடம் தொகையைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.

பங்கு தருவதாக இருந்தால் இன்னொரு வெட்டும் தேவைப்படும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தனிப்பட்ட முறையில் பங்கு கொடுக்கும் கம்பெனி அதைப் பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. தொகையும் பங்கின் விலையும் சொல்லும் கடைசி அரை நிமிடத்தோடு வீடியோவை எல்லோரும் பார்க்க யூடியூபில் போட்டால் வம்பு. ஆகவே எடிட் மேசையில் இரண்டு பிரதி எடுக்கவேண்டும்: அந்த அரை நிமிடத்தோடு ஒன்று, பெயர் குறித்து அழைத்த முதலீட்டாளருக்கு மட்டும், ஊருக்குப் போவது நொய் காட்சியோடு நிற்கும் இரண்டரை நிமிடப் பிரதி. ஆகவே அந்த நொய் காட்சியும் ஒரு முடிவாக நிற்கும்படி எழுதப்பட்டிருக்கவேண்டும்.