ஒரே அழுத்தலில் நிரம்பும் காலிக் கட்டங்கள்

எக்செலில் எனக்கு மிகவும் பிடித்த வித்தை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டுவது!

எல்லைப் பகுதிக் காய்கறிக் கொள்முதல் அறிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். முதல் பத்தியில் தேவிகுளம் என்ற தாலுகா பெயர் ஏழு வரிகளுக்கும் சேர்த்து மெர்ஜ் ஆகி நடுவில் நிற்கும். அடுத்த பத்தியில் வட்டவடை, காந்தலூர் என்ற பஞ்சாயத்துகள். பிறகு கேரட், பீன்ஸ், வெள்ளைப்பூண்டு, கடைசியில் கிலோ கணக்கு. கீழே சித்தூர் தாலுகா, அதில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி. தாளில் பார்க்க அழகுதான். ஆனால் மெர்ஜ் செய்த கட்டத்தில் பெயர் இருப்பது மேல் மூலையில் மட்டுமே. மற்ற வரிகளெல்லாம் காலி. பிவட் போட்டால் பாதிக் காய்கறி `(blank)` என்ற ஊரில் விளைந்ததாகக் காட்டும்!

தீர்வு எவ்வளவு சுலபம் பாருங்கள். தாலுகா, பஞ்சாயத்து பத்திகளை மட்டும், A2 முதல் B14 வரை, தேர்ந்தெடுத்து மெர்ஜை நீக்குங்கள். தேர்வைக் கலைக்காமல் F5 தட்டி `Special`, அதில் `Blanks`. காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். இப்போது சமக்குறி போட்டு, மேல் அம்பை ஒருமுறை தட்டினால் இப்படி வரும்:

```
=A2
```

அடுத்து Ctrl+Enter. அடடா! ஒவ்வொரு காலிக் கட்டமும் தன் தலைக்கு மேலிருக்கும் பெயரை எடுத்துக்கொள்ளும். வட்டவடை தன் வரிகளில் இறங்கி, காந்தலூர் தொடங்கும் இடத்தில் சரியாக நின்றுவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

உடனே A, B பத்திகளை காப்பி செய்து, `Paste Special` வழியாக `Values` மட்டும் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டமும் மேல்கட்டத்தைப் பிடித்துத் தொங்குவதால், அதற்கு முன் ஒரு வரியை அழித்தாலும் `#REF!` வந்துவிடும். ஒட்டிய பிறகு, பஞ்சாயத்துதோறும் இருக்கும் ‘மொத்தம்’ வரிகளை ஃபில்டர் போட்டு நீக்குங்கள். அவை தங்கிவிட்டால் பிவட்டின் கூட்டுத்தொகை சரியாக இரண்டு மடங்காகும். கண்டுபிடிக்க அதுவே அடையாளம்.

கிலோ பத்தியைத் தேர்வில் சேர்க்கவே கூடாது. பீன்ஸ் வராத நாளின் காலிக் கட்டத்தில் மேல் வரியின் கேரட் எடை வந்து உட்கார்ந்துவிடும். சில மென்பொருள்கள் தரும் கோப்பில் காலியாகத் தெரியும் கட்டத்துக்குள் ஸ்பேஸ் ஒளிந்திருக்கும். `Blanks` அதைத் தொடாது. Find and Replace-இல் `Match entire cell contents` குறியிட்டு, அந்த ஸ்பேஸை முதலில் நீக்கிவிடுங்கள்.

இனி பிவட் போடுங்கள். விளைபொருளை வரிசைக்கு இழுத்தால் வட்டவடை கேரட்டும் காந்தலூர் கேரட்டும் ஒரே வரியில் கூடும். பஞ்சாயத்தை இழுத்தால் அவை பிரிந்து நிற்கும். பழைய அறிக்கையில் கால்குலேட்டர் இல்லாமல் கிடைக்காத அந்த முதல் பதிலும் இப்போது ஒரு இழுப்பில் வந்துவிடுகிறது!